கோலாலம்பூரில் சர்ச் கல்யாணம்: வகுப்பு, ஓலை, பத்திரங்கள், எத்தனை மாதம்?

எங்கள் திருமணம் 2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, செந்தூலில் நடந்தது. நான் செந்தூல் பங்கைச் சேர்ந்தவள். என் கணவர் புக்கிட் மெர்தாஜாம்காரர், வேலைக்காகப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறார். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள். அதனால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. ஒரே சான்றிதழை இரண்டு தடவை வாங்கினேன். வகுப்பில் இடம் கிடைக்காமல் மூன்று மாதம் காத்திருந்தோம். அவருடைய ஐசி முகவரிக்காகப் பதிவு இலாகாவிலிருந்து ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பினோம்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். திருச்சபைக்கு ஒரு கணக்கு, அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு. இரண்டும் தனித்தனியாக ஓடும். திருச்சபை உங்கள் திருமண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசிக்க மூன்று ஞாயிறு காத்திருக்கச் சொல்லும், அரசாங்கம் 21 நாள் காத்திருக்கச் சொல்லும். ஒன்றில் தேறிவிட்டதால் மற்றதில் சலுகை கிடையாது. கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் பங்குத்தந்தையைப் பாருங்கள்

குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே போக வேண்டும். என்னைக் கேட்டால் ஒன்பது, பத்து மாதம் என்பேன், ஏனென்றால் தமிழ் வகுப்புகள் வருடத்தில் சில தடவைதான் நடக்கும். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் பிடித்துப் பேசாதீர்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேட்டு, இருவரும் சேர்ந்து போங்கள்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்தத் தேதியில் கோயில் காலியாக இருக்கிறதா? அது தவக்காலத்தில் விழுகிறதா? பல பங்குகளில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் தேதி வருடா வருடம் மாறுவதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேதி குறிப்பவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். மூன்றாவது கேள்விதான் பலரும் கேட்க மறப்பது: திருமணத்தை நடத்தி வைக்கும் ஃபாதர் அரசாங்கத்தின் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவரா? ஆம் என்றால் சட்டப்படியான பதிவும் கோயிலிலேயே நடக்கும். இல்லை என்றால் நீங்கள் தனியாகத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். இந்த ஒரு பதிலைப் பொறுத்து உங்கள் அட்டவணை முழுவதும் மாறும்.

வழக்கமாகப் பெண் அல்லது மாப்பிள்ளை குடியிருக்கும் பங்கில்தான் திருமணம். இரண்டும் இல்லாத வேறொரு கோயில் பிடித்திருக்கிறது என்றால் உங்கள் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அங்கே தேதி வாங்கும் முன் இங்கே கடிதம் கேளுங்கள்.

2. ஞானஸ்நானச் சான்றிதழ்: வீட்டில் இருக்கும் பழையது உதவாது

அம்மா பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புதுசா எடுக்கணும்மா, ஆறு மாசத்துக்குள்ள கொடுத்ததா இருக்கணும்" என்றார்கள்.

காரணம் நியாயமானது. ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே ஓரத்தில் ஒரு இடம் இருக்கும். பிற்பாடு உறுதிபூசுதல் பெற்றால் அங்கே எழுதுவார்கள். உலகில் எந்த மூலையில் கோயில் கல்யாணம் நடந்தாலும் அந்தத் தகவலும் அங்கேதான் வந்து சேர வேண்டும். ஆகவே இன்று எடுத்த சான்றிதழ்தான் இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பதைக் காட்டும். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய காகிதம் நீங்கள் ஞானஸ்நானம் பெற்றதை மட்டும்தான் சொல்லும்.

நான் பேராவில் ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். தோட்டம் துண்டாடப்பட்டு, ஆலயமும் இப்போது இல்லை. நம்மில் பலருக்கு இதே நிலைமைதான். பயப்பட வேண்டாம். தோட்டத்து ஆலயங்களுக்கென்று தனிப் பதிவேடு பெரும்பாலும் இருக்காது. அந்தப் பகுதியின் தாய்ப் பங்கில்தான் எழுதியிருப்பார்கள். பழைய சான்றிதழின் தலைப்பையும் முத்திரையையும் பாருங்கள், அதில் பங்கின் பெயர் இருக்கும். சான்றிதழே இல்லை என்றால் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள். பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேரா என்றால் பினாங்கு மறைமாவட்டம். சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்றால் கோலாலம்பூர் உயர்மறைமாவட்டம். மலாக்கா, ஜொகூர் என்றால் மலாக்கா ஜொகூர் மறைமாவட்டம். எந்த வருடம், எந்தத் தோட்டம், அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர் என்று தெரிந்ததையெல்லாம் சேர்த்து எழுதினால் தேடுபவருக்குச் சுலபம்.

நானே நேரில் போனேன். அலுவலகத்து அக்கா தடித்த பதிவேட்டைப் புரட்டி, விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்து, "இந்தா, இதுதானே?" என்று நிறுத்தினார். எனக்கு மேல் இருந்த பெயரின் ஓரத்தில் நீல மையில் உறுதிபூசுதல் தேதி, கறுப்பு மையில் திருமணத் தேதி, கோயில் பெயர். என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. திருமணம் இல்லாதது சரி. ஆனால் நான் பதினாறு வயதில் செந்தூலில் உறுதிபூசுதல் பெற்றவள். அந்தத் தகவல் பேராவுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் செந்தூலில் உறுதிபூசுதல் சான்றிதழைத் தனியாக எடுத்தேன். உறுதிபூசுதல் பெறாதவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய சிரமம் இல்லாத பட்சத்தில் திருமணத்துக்கு முன் அதைப் பெற வேண்டும் என்பது திருச்சபையின் விதி. அதற்கும் ஆயத்தம் உண்டு, அதற்கும் மாதங்கள் ஆகும்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. பதிவேட்டில் என் பெயர் மரிய புஷ்பம். ஐசியில் வெறும் புஷ்பா. அப்பாவின் பெயரிலும் ஓர் எழுத்து வித்தியாசம். நம் ஆட்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புச் சூராவில் ஒன்று என்று இருப்பது சர்வசாதாரணம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஃபாதர் ஏற்றுக்கொண்டார். பெயர் வித்தியாசத்தைக் கல்யாண வாரத்தில் கண்டுபிடித்தால் இதற்காக ஓட நேரம் இருக்காது. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஐசியைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இனி என் தவறு. முன்கூட்டியே வாங்கினால் நல்லது என்று நினைத்து 2024 நவம்பரிலேயே சான்றிதழ் எடுத்துவிட்டேன். கல்யாணம் 2025 ஆகஸ்டில். அந்த ஆறு மாதம் திருமண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஒன்பது மாதப் பழையது என்று திருப்பித் தந்துவிட்டார்கள், ஏப்ரலில் மறுபடியும் எடுத்தேன். ஆகவே பதிவேடு எங்கே இருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். சான்றிதழைத் திருமணத்துக்கு நான்கு, ஐந்து மாதம் இருக்கும்போது எடுங்கள்.

3. திருமண ஆயத்த வகுப்பு

இது கட்டாயம். ஒருவர் கத்தோலிக்கர் அல்லாதவராக இருந்தாலும் இருவரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும். இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரை ஓரிடத்தில் தங்கிச் செய்வது. மற்றது வார இறுதிகளில் பகலில் போய்வருவது. தமிழ், ஆங்கிலம், மலாய், சீனம் என்று மொழிவாரியாகத் தனித்தனியே வைப்பார்கள்.

இடம் குறைவு என்பதுதான் இங்கே சிக்கல். நாங்கள் பிப்ரவரி வகுப்புக்கு ஜனவரியில் பெயர் கொடுக்கப் போனபோது நிரம்பிவிட்டது. அடுத்த தமிழ் வகுப்பு மே மாதம். ஆங்கிலத்தில் உடனே இடம் இருந்தது. ஆனால் அவருக்குத் தமிழில்தான் மனம்விட்டுப் பேச வரும். காத்திருந்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். உங்களுக்கு அந்த அவகாசம் வேண்டும் என்றால் பங்குத்தந்தையைப் பார்த்த அதே வாரத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒருவர் கோலாலம்பூர், மற்றவர் பினாங்கு என்றால் எந்த மறைமாவட்டத்தில் வேண்டுமானாலும் சேர்ந்து முடிக்கலாமா என்று திருமணம் நடத்தும் ஃபாதரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழை ஏற்றுக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

உள்ளே என்ன நடக்கும் என்று பலருக்குத் தயக்கம். பிரசங்கம் கேட்பது கொஞ்சம்தான். கல்யாணமாகிப் பல வருடமான தம்பதிகள் தங்கள் வாழ்க்கையிலிருந்து பேசுவார்கள். பிறகு ஒரு கேள்வி கொடுத்து, இருவரும் தனித்தனியே எழுதி, மாற்றிப் படித்துப் பேசச் சொல்வார்கள். சம்பளம், கடன், மாமியார் வீட்டில் இருப்பதா தனியாக இருப்பதா, குழந்தை, இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு, திருமண அருட்சாதனத்தின் பொருள் என்று போகும். பணத்தைப் பற்றிய தாளில் அவர் தங்கைக்காக எடுத்த கடனைப் பற்றி எழுதியிருந்தார். மூன்று வருடம் பழகியும் எனக்குத் தெரியாத விஷயம். அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அதைப் பேசி முடித்தோம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: பாதியில் எழுந்து போனாலோ ஒரு நாள் வராமல் இருந்தாலோ சான்றிதழ் தரமாட்டார்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே லீவு போடுங்கள்.

4. ஃபாதரின் நேர்காணல்

சான்றிதழ்களும் வகுப்பும் முடிந்தபின் பங்குத்தந்தை ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்பார். இதற்கு முன் திருமணமானதா, யாராவது வற்புறுத்துகிறார்களா, சாகும்வரை ஒருவருக்கொருவர் என்று ஏற்கிறீர்களா, குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களா, இரத்த உறவு உண்டா. பதில்களுக்குக் கீழே கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு ஆளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. இதைச் சடங்காக நினைத்து மழுப்பாதீர்கள். இங்கே மறைத்தது பின்னால் அந்தத் திருமணத்தின் செல்லுபடியையே கேள்விக்குள்ளாக்கலாம்.

இரத்த உறவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளில் நிறைய நடக்கும் விஷயம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் திருச்சபைச் சட்டப்படி அது தடை. ஆனால் ஆயர் விலக்களிக்கலாம். அதற்கு ஃபாதர் மூலம் எழுத்தில் விண்ணப்பித்துப் பதில் வரக் காத்திருக்க வேண்டும். தாய்மாமனையே கட்டுவது வேறு கதை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதில் உள்ள விதிவிலக்கு இந்து வழக்கப்படி மணக்கும் இந்துக்களுக்கு மட்டும்தான். "எங்க பக்கத்து வீட்டில் நடந்ததே" என்று பெரியவர்கள் சொன்னால் அது இந்துக் குடும்பமா என்று கேளுங்கள்.

துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். விவாகரத்தானவர் என்றால் நீதிமன்ற உத்தரவு அரசாங்கத்துக்குப் போதும், திருச்சபைக்குப் போதாது. முந்தைய திருமணம் செல்லாது என்று மறைமாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு கைக்கு வரும்வரை தேதியே குறிக்காதீர்கள்.

5. ஓலை வாசித்தல்

நேர்காணல் முடிந்த பிறகுதான் ஓலை. பூசை முடிவில் அறிவிப்புகளோடு, இன்னாரின் மகன் இன்னார், இந்தப் பங்கு, இன்னாரின் மகள் இன்னார், இந்தப் பங்கு, இவர்கள் திருமணம் செய்யவிருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிப்பது வழக்கம். சில பங்குகளில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள், பங்கின் வாரத் தாளிலும் போடுவார்கள்.

பலர் தவறவிடும் இடம் இது: இருவரின் பங்குகளிலும் வாசிக்க வேண்டும். மற்றப் பங்கில் தானாக வாசித்துவிடமாட்டார்கள். திருமணம் நடக்கும் பங்கிலிருந்து கடிதம் போக வேண்டும். அங்கே வாசித்து முடித்ததும் தடை எதுவும் வரவில்லை என்று பதில் கடிதம் திரும்ப வேண்டும். அந்தப் பதில் கடிதம் இல்லாமல் கல்யாணம் நடக்காது. என் வருங்காலக் கணவருக்கு எது பங்கு என்பதே குழப்பமாகிவிட்டது. ஐந்து வருடமாகப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறார், ஆனால் அவரைத் தெரிந்தவர்களெல்லாம் புக்கிட் மெர்தாஜாமில். ஃபாதர் இரண்டு இடத்திலும் வாசிக்கச் சொன்னார். யாருக்குமே தெரியாத ஊரில் வாசித்து என்ன பயன் என்று அவர் கேட்டது எனக்குச் சரியாகவே பட்டது.

கடிதத்தைத் தபாலில் விட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதல் ஞாயிறு உங்கள் வீட்டார் யாராவது அந்தப் பூசைக்குப் போய்க் காதால் கேட்கட்டும். எங்கள் மாமியார் போனார். மாப்பிள்ளையின் பெயருக்குப் பதில் அவருடைய தம்பி பெயரை வாசித்துவிட்டார்கள். அன்றே அலுவலகத்தில் சொல்லித் திருத்தியதால் அடுத்த வாரத்திலிருந்து சரியானது. விடுபட்ட ஒரு வாரத்துக்காக அங்கே மட்டும் நான்காவது ஞாயிறும் வாசித்தார்கள். இதனால்தான் கடைசி ஓலைக்கும் கல்யாணத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள் என்கிறேன்.

6. அரசாங்கப் பதிவு

கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி திருமணமாகிவிடாது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் பதிவு கட்டாயம். அரசாங்கம் ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதி இல்லாமல் ஃபாதரும் நடத்த முடியாது.

ஃபாதர் துணைப் பதிவாளர் என்றால்: திருமணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை, இருவரும் வேறு யாருக்கும் மணமானவர் இல்லை என்று நீங்கள் இருவரும் சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து கோயிலிலேயே நடக்கும். எந்தப் படிவம், எத்தனை நாளுக்கு முன் தர வேண்டும் என்று பங்கு அலுவலகமே சொல்லும்.

எங்கள் ஃபாதருக்கு அந்த நியமனம் இல்லை. அதனால் பதிவு இலாகாவுக்குப் போனோம். JPN.KC02 என்ற படிவம், இருவரின் அசல் ஐசியும் நகலும், படம். இருவரும் நேரில் வர வேண்டும். விண்ணப்பத்தை 21 நாள் அறிவிப்பாக வைத்திருப்பார்கள். இதை அரசாங்கத்தின் ஓலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் பதிவு நாள் தருவார்கள். அறிவிப்பு வெளியானதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும், தாண்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதிவு நாளில் இரண்டு சாட்சிகள் வேண்டும். 21 வயது நிரம்பியவர்களாக, ஐசியோடு வரச் சொல்லுங்கள்.

நாங்கள் திரும்பி வந்தது முகவரியால். எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறீர்களோ அங்கேதான் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதுவும் குறைந்தது ஏழு நாளாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அவர் ஐசியில் இன்னும் புக்கிட் மெர்தாஜாம் வீட்டு முகவரி. முதலில் முகவரியை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்காக ஊர் மாறியவர்கள் இதை மாதங்களுக்கு முன்பே செய்துவிடுங்கள். இருவரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழோடு, மணமாகாதவர் என்று அவருடைய நாட்டுத் தூதரகம் தரும் கடிதமும் தேவைப்படும். அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று தூதரகத்தில் விசாரித்த பிறகு தேதி குறியுங்கள்.

7. துணை இந்துவாக இருந்தால்

என் அக்காவின் கதை இது. மாப்பிள்ளை இந்து, மதம் மாற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. ஆனால் ஆயரிடமிருந்து விலக்கு வாங்க வேண்டும். அது இல்லாமல் கோயிலில் நடக்கும் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை அனுப்புவார். அதில் கத்தோலிக்கத் துணை இரண்டு உறுதி தர வேண்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன். மற்றவர் எந்த உறுதியும் தர வேண்டாம். ஆனால் துணை இப்படி உறுதி தந்திருக்கிறார் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். இதைப் படிவத்தில் முதன்முதலாகப் படித்து முகம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் முதலில் பேசிவிடுங்கள்.

அவருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்காது. அதற்குப் பதில் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அவர் மணமாகாதவர் என்று சொல்ல, நெடுநாள் தெரிந்த இரண்டு பேரையும் கேட்பார்கள். அக்கா கல்யாணத்தில் அவருடைய சித்தப்பாவும் பள்ளி நண்பரும் வந்து கையெழுத்திட்டார்கள். திருமணம் வழக்கமாக நற்கருணை இல்லாத வழிபாடாக, வாசகங்களோடும் வாக்குறுதியோடும் நடக்கும்.

பெரிய சண்டை வரும் இடம் ஒன்று உண்டு. காலையில் அம்மன் கோயிலில் தாலி, மாலையில் சர்ச் என்று இரு வீட்டாரும் பேசி முடித்துவிடுவார்கள். திருமணச் சம்மதத்தை இன்னொரு மதச் சடங்கில் முன்போ பின்போ மறுபடியும் தருவதைத் திருச்சபை அனுமதிப்பதில்லை. அக்கா வீட்டில் அழைப்பிதழ் அச்சடித்த பிறகுதான் இது தெரிந்தது. கடைசியில் இரு வீட்டாரும் சேர்ந்து வாங்கிய தாலியைச் சர்ச்சில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார், மாப்பிள்ளை அங்கேயே கட்டினார். நலங்கும் வரவேற்பும் அவர்கள் முறைப்படி நடந்தன. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஃபாதரிடம் கேட்டுத் தெளிந்தபின் அழைப்பிதழ் அடியுங்கள்.

துணை மெதடிஸ்ட், லுத்தரன் போன்ற வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும், அவருடைய சபையின் ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும்.

8. எங்கள் நாட்கள், தேதி வாரியாக

2024 அக்டோபரில் ஃபாதரைப் பார்த்தோம். ஏப்ரலில் புதுச் சான்றிதழ். வகுப்பு மே 17, 18, 24, 25. நேர்காணல் ஜூன் 14. பதிவு இலாகாவில் அறிவிப்பு ஜூலை 2, 21 நாள் முடிந்தது 23, பதிவு ஆகஸ்ட் 6. ஓலை ஜூலை 20, 27, ஆகஸ்ட் 3. புக்கிட் மெர்தாஜாமில் மட்டும் 10ஆம் தேதியும். அங்கிருந்து பதில் கடிதம் வந்தது கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது. அந்த எட்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மறுபடி செய்வதென்றால் ஓலையை ஜூன் கடைசியிலேயே ஆரம்பித்திருப்பேன்.

செலவைப் பற்றி: பத்திரங்களுக்கு ஆவது கொஞ்சம்தான். ஞானஸ்நானச் சான்றிதழுக்குச் சிறு காணிக்கை. சத்தியப் பிரமாணத்துக்குப் பத்து வெள்ளி கொடுத்தோம். பதிவு இலாகாக் கட்டணம் ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுக்கும் குறைவு. வகுப்புக்கு இருவருக்குமாக 350 வெள்ளி. தங்கும் வகுப்பு என்றால் அறையும் சாப்பாடும் சேர்ந்து கூடும். கையைக் கடித்தது பேராவுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போய்வந்த டோலும் பெட்ரோலும், கழிந்த லீவு நாட்களும்தான். கோயிலுக்கான காணிக்கை, பாடகர் குழு, பூ அலங்காரம் எல்லாம் பங்குக்குப் பங்கு வேறு. எது கட்டணம், எது விருப்பக் காணிக்கை என்று அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

9. கையெழுத்திடும்போதும் அதன் பிறகும்

பூசை முடிந்து கோயில் பதிவேட்டில் கையெழுத்திடும்போது புகைப்படக்காரர் அவசரப்படுத்துவார். பேனாவை வைத்துவிட்டு முதலில் படியுங்கள். பெயர், அப்பா பெயர், ஐசி எண், தேதி. எங்கள் பதிவேட்டில் ஐசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஃபாதர் அங்கேயே அடித்துத் திருத்திக் கையொப்பம் வைத்தார். பிறகு திருத்துவதென்றால் கடிதம் எழுதி அலைய வேண்டும்.

திருமணத் தகவலை நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்புவது இந்தப் பங்கின் பொறுப்பு. என் உறுதிபூசுதல் தகவல் எப்படி வழியிலேயே தொலைந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் மூன்று மாதம் கழித்துப் பேராவுக்குப் போன் செய்தேன். அதே அக்காதான் எடுத்தார். பதிவேட்டை எடுத்து வந்து பார்த்துவிட்டு, "வந்துருச்சும்மா, எழுதிட்டோம், உறுதிபூசுதலையும் சேர்த்து" என்றார்.